கூரைக் கசிவின் மூலத்தைத் தேடி: பகுதி பகுதியாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன்

மழை பெய்தால் மட்டும் ஃபேன் கொக்கியைச் சுற்றி ஈரம் படர்கிறது. மேலே மொட்டை மாடி, அங்கே தண்ணீர்க் குழாய் எதுவும் ஓடவில்லை. அதனால் மழைநீர்தான் என்பது உறுதி. எந்த வழியாக இறங்குகிறது என்பதுதான் கேள்வி. கறைக்கு நேர் மேலே தளத்தில் ஒரு மெல்லிய விரிசல் இருந்தது. அதை உடனே பூசி அடைக்காமல், முதலில் சோதித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மெயினை அணைத்து, ஃபேன் கப்பைக் கீழே இறக்கி, கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டேன். தளம் நன்றாகக் காய்ந்த பிறகு வடிகுழாயின் வாயை அடைத்து, மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேக்கினேன். ஒரு சதுர மீட்டருக்கு முப்பது கிலோ எடை சேரும் என்பதால் அதற்கு மேல் தேக்கவில்லை. கான்கிரீட் மெதுவாகத்தான் உறிஞ்சும், அரை மணி நேரம் பார்த்துவிட்டு எதுவும் சொல்ல முடியாது. ஒரு முழு நாள் விட்டேன். கோடு நகரவில்லை. விரிசல் காரணமில்லை.

அடுத்தது படிக்கட்டு அறையின் சுவர். இங்கே வரிசை முக்கியம்: கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே முதலில் நனைத்தால் வழியும் தண்ணீர் கீழ்ப் பகுதியையும் நனைத்துவிடும், எது கசிந்தது என்று பிரிக்க முடியாது. ஹோஸை அழுத்தமில்லாமல் பிடித்து, சுவரும் தளமும் சேரும் மூலையில் ஒரு மணி நேரம் விட்டேன். கீழே ஒருவர் டார்ச்சுடன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை. அப்புறம் முழங்கால் உயரம், அங்கும் ஒன்றுமில்லை. வெளிச் சுவர் விளக்கின் பாக்ஸுக்குச் சற்று மேலே விட்ட சில நிமிடங்களிலேயே கீழிருந்து குரல் வந்தது.

அந்த வேகமே பெரிய தடயம். கான்கிரீட்டில் ஊறி வந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் வராது. தண்ணீர் பூச்சிலிருந்து சொட்டவில்லை, ஃபேன் பாக்ஸில் திறந்திருக்கும், வயர் போகும் கண்ட்யூட் பைப்பின் வாயிலிருந்து விழுந்தது. விளக்கு பாக்ஸின் மேல் விளிம்பில் சுவரோடு ஒட்டாத இடைவெளி. அதில் நுழைந்த தண்ணீர் தளத்துக்குள் புதைந்த பைப் வழியாக நடு அறைக்கு வந்திருக்கிறது. விளக்கு பாக்ஸில் உள்ள பைப்பின் வாய் தளத்துக்கு மேலே இருப்பதால்தான் தேக்கிய தண்ணீர் அதைத் தொடவேயில்லை.

பாக்ஸை நன்றாகக் காயவிட்டு, மேல் விளிம்பிலும் பக்கங்களிலும் சீலன்ட் பூசினேன். கீழ் விளிம்பை மூடவில்லை, உள்ளே எப்படியாவது புகும் தண்ணீர் அந்த வழியாக வெளியேற வேண்டும். சீலன்ட் இறுகிய பிறகு அதே இடத்தில், அதே ஹோஸில் ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தேன். ஃபேன் பாக்ஸில் பைப் வாய் காய்ந்தே இருந்தது. ஆனால் இது நேராக வழியும் தண்ணீருக்கான சோதனைதான். காற்றோடு சாய்ந்தடிக்கும் மழை பக்கவாட்டிலும் புகலாம், அதனால் அப்படி ஒரு மழை வரும்வரை ஃபேன் கப்பை மேலே ஏற்றாமல் வைத்திருக்கிறேன், மெயினிலும் அந்த அறைக்கான இணைப்பு அணைந்தே இருக்கிறது.