வால்வு ஒழுகுகிறதா, ஒழுகியதா?

ரஷ்யப் பொறியாளர்களும் நம் ஊர்ப் பொறியாளர்களும் சேர்ந்து வேலை பார்த்த ஒரு கட்டுமானத் தளத்தில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். காலைக் கூட்டத்தின் குறிப்பு ஆங்கிலத்தில் வரும். மாலைக்குள் அதை ரஷ்ய மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒருநாள் குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்தது: 'தி என்ஜினியர் செட் தட் தி வால்வ் வாஸ் லீக்கிங்.' நான் எழுதியது: 'இன்ஷெனேர் ஸ்கஸால், ஷ்தோ க்லாபன் ப்ரதெகால்.' ஆங்கிலத்தில் இறந்தகாலம், ரஷ்யனிலும் இறந்தகாலம். சரியாகத்தான் இருக்கிறது என்று கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பாக்கி வேலைப் பட்டியலில் அந்த வால்வு இல்லை. கேஸ்கெட்டை மாற்ற யாரும் போகவில்லை. இரண்டு நாள் கழித்துக் குழாயில் அழுத்தம் ஏற்றியபோது அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. ரஷ்யக் குழுவின் மூத்த மொழிபெயர்ப்பாளர் என்னைக் கூப்பிட்டு, கோபப்படாமல், அந்த ஒரே சொல்லின் கீழ் கோடு போட்டார். 'ப்ரதெகால்' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். முன்பு ஒழுகியது என்றுதானே இதைப் படிப்பவர் எடுத்துக்கொள்வார்? சரிசெய்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். நீங்கள் எழுதியிருக்க வேண்டியது 'ப்ரதெகாயெத்', அதாவது ஒழுகுகிறது.

ஆங்கிலத்தில் 'சொன்னார்' என்ற வினை இறந்தகாலத்தில் இருந்தால், அவர் சொன்ன சேதியின் காலமும் பொதுவாக ஒரு படி பின்னால் நகரும். 'இஸ்' என்பது 'வாஸ்' ஆகும், 'வில்' என்பது 'வுட்' ஆகும். ரஷ்யனில் இந்த நகர்த்தல் கிடையாது. பேசியவர் பேசிய நேரத்தில் எந்தக் காலத்தைப் பயன்படுத்தினாரோ, நம் 'என்று' போல இரண்டையும் இணைக்கும் 'ஷ்தோ'வுக்குப் பின்னும் அதுவே நிற்கும். அவர் பேசிய அந்தக் கணத்தை வைத்துத்தான் காலத்தை அளக்கிறார்கள்.

எனக்கு வருத்தமாக இருந்தது இன்னொரு காரணத்தால். தமிழிலும் இப்படித்தானே சொல்கிறோம்! 'வால்வு ஒழுகுகிறது என்று சொன்னார்.' 'சொன்னார்' இறந்தகாலம், 'ஒழுகுகிறது' நிகழ்காலம். கேள்வியிலும் அப்படித்தான். 'பம்ப் ஓடுகிறதா என்று கேட்டார்' என்பதற்கு ரஷ்யன் 'ஸ்ப்ரசீல், ரபோதயெத் லி நஸோஸ்'. நம் 'ஆ' போலவே அங்கே 'லி' வினையின் பின்னால் வந்து ஒட்டுகிறது, காலம் அசையவில்லை. ரஷ்யனை ஆங்கிலப் பாடப்புத்தகம் வழியாகப் படித்ததால், எனக்குப் பிறவியிலேயே தெரிந்த ஒன்றை இடையில் மறந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஆங்கில வரியைப் பார்த்ததும், அந்த மனிதர் வாயைத் திறந்து என்ன சொல்லியிருப்பார் என்று தமிழில் எழுதிப் பார்ப்பேன். அதன் காலத்தைத்தான் ரஷ்யனுக்குக் கொண்டுபோவேன். 'தே செட் தே வுட் சென்ட் த ரிப்போர்ட்' என்றால், அவர்கள் சொன்னது 'அனுப்புவோம்'. ஆகவே 'ப்ரிஷ்ல்யூத்' என்ற எதிர்காலம். 'வுட்' இருக்கிறதே என்று 'பி' என்ற இடைச்சொல்லைச் சேர்த்தால், ஏதோ நிபந்தனை நிறைவேறினால் அனுப்பியிருப்பார்கள் என்ற வேறு பொருள் வந்துவிடும். இந்தப் பழக்கத்துக்கும் எல்லை உண்டு. 'வாஸ் லீக்கிங்' என்ற ஆங்கிலத்தை மட்டும் வைத்து அவர் 'ஒழுகுகிறது' என்றாரா, 'ஒழுகிக்கொண்டிருந்தது' என்றாரா என்று கண்டுபிடிக்க முடியாத நேரங்கள் உண்டு. அப்போது ஊகிக்கக் கூடாது. குறிப்பு எழுதியவரிடம் போய்க் கேட்பேன்.

தமிழ் கைகொடுக்காத இடம் ஒன்றும் இருக்கிறது. 'நாளைக்கு வருகிறேன் என்று சொன்னார்' என்போம். வரப்போகிறவர் அவர்தான் என்று நமக்குப் புரியும். ஆனால் ரஷ்யனில் 'ஓன் ஸ்கஸால், ஷ்தோ யா ப்ரிது' என்று எழுதினால், வரப்போவது எழுதுகிற நான்! 'ஓன் ப்ரித்யோத்', அவர் வருவார், என்று ஆளை மாற்றியே ஆக வேண்டும். காலம் நகராது, ஆள் நகரும். ஒருமுறை இந்தத் தவறால் ஒரு சோதனைக்கு என் பெயரே பொறுப்பாளர் கட்டத்தில் ஏறியது. காலையில் பட்டியலைப் பார்த்துத் திருத்தினேன்.

கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் சொல்லும்போது மட்டும் ரஷ்யர்களே நெகிழ்வாக இருக்கிறார்கள். 'யா ஸ்லீஷல், காக் ஷிபேல் க்லாபன்', அதாவது வால்வு சீறுவதைக் கேட்டேன், என்று ஒரு ஃபிட்டர் சொன்னபோது, 'ஷிபேல்' இறந்தகாலம்தானே, நின்றுபோன சத்தமோ என்று எனக்குக் கை நடுங்கியது. அவர் சொன்னது வேறு: அவர் கேட்ட அதே வேளையில் வால்வு சீறிக்கொண்டிருந்தது. அங்கே அவர் யாருடைய பேச்சையும் சொல்லவில்லை, தான் நின்று கேட்ட சத்தத்தைச் சொல்கிறார். சத்தம் இப்போதும் இருக்கிறதா என்பதற்கு அந்த வாக்கியத்தில் பதில் இல்லை. அதனால் 'இப்போதும் சீறுகிறதா?' என்று அவரிடமே கேட்டு, பதிலைத் தனி வரியாக எழுதினேன்.