இறுதி மகரமும் மூடாத உதடுகளும்

"எழுத்துல ம் இருக்குல்ல, அப்போ வாய் மூடணும், தம்பி" என்று, கார்ட்டூன் பாத்திரங்களுக்கு நான் வாயசைவு அமைக்கும் புதுச்சேரி அனிமேஷன் ஸ்டுடியோவில் எங்கள் குழுவை நடத்தும் லீட் சொன்னதை இன்னும் மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

வசனம் சிறியது: "அப்பாவுக்கு பணம் குடுக்கணும்." பாத்திரத்தை அசைக்க உதவும் எங்கள் ரிக்கில் இருந்த வாய் வடிவங்கள் ஆங்கிலத்துக்காக வரையப்பட்டவை. ஆங்கிலத்தில் 'ரூம்' என்றால் இறுதியில் உதடுகள் உறுதியாக ஒட்டும். 'யூ' என்றால் உதடுகள் குவியும். அந்த அட்டவணையை எழுத்துக்கு எழுத்து பொருத்தினால், தமிழ்ப் பாத்திரம் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் உதட்டைக் குவித்தோ மூடியோ காட்டும். 'அப்பாவுக்கு' என்ற ஒரே சொல்லில் உகரம் இரண்டு முறை வருகிறது. 'வு'வில் உதடு குவிகிறது. இறுதிக் 'கு'வில் குற்றியலுகரம் என்பதால் குவிவதில்லை, வாய் சற்றே திறந்து தளர்கிறது. 'ப்பா'வில் ஒற்று இரட்டிப்பதால், ஆங்கிலப் பகரத்துக்கு இரண்டு பிரேம் போதுமான இடத்தில் மூன்று அல்லது நான்கு பிரேம் மூடியே வைத்தேன். இவற்றை லீட் உடனே ஏற்றுக்கொண்டார்.

சிக்கல் மகரத்தில் வந்தது. 'பணம்' என்பதன் பின் ககரம் வருவதால், பேச்சில் அது 'பணங்குடுக்கணும்' என்றே ஒலிக்கிறது. அங்கே உதடு ஒட்ட வழியில்லை. கடைசி 'ணும்' பேச்சில் மூக்கொலி ஏறிய உயிராகவே முடிகிறது. குரல் கொடுத்த அக்காவை ஒலிப்பதிவின்போது எடுத்த வீடியோவை நொடிக்கு 24 பிரேம் வீதம் நகர்த்திப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் உதடுகள் ஒட்டவில்லை. அதைக் காட்டியபோது லீட் மறுக்கவில்லை. "அவங்க வாய் மூடல, சரி. ஆனா பார்க்கிற குழந்தைக்கு ம் கேட்குது. வாய் திறந்தே நின்னா வசனம் முடியாத மாதிரி இருக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. வசனத்துக்குப் பின் மௌனம் வருவதால் வாய் எப்படியும் இயல்பு நிலைக்கு மூடத்தான் வேண்டும். கடைசி மகரத்தில் மூடினால் அந்த மூடல் சற்று முன்னதாக வருகிறது, அவ்வளவே. ஆனால் 'பணம்' வாக்கியத்தின் நடுவில் இருக்கிறது. அங்கே இரண்டு பிரேம் மூடியதும் பாத்திரம் அச்சிட்ட தாளை உரக்கப் படிப்பதுபோல் தெரிந்தது. குழந்தைகள் தொடரில் திருத்தமான உச்சரிப்பு வேண்டும் என்று அவர் கருதினால், அதை ஒலிப்பதிவிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். குரல் பேச்சுத்தமிழாகவும் வாய் எழுத்துத்தமிழாகவும் இருப்பது எனக்கு உறுத்துகிறது. அதே வேளையில், ஒலிக்கும் உதட்டுக்கும் உள்ள இவ்வளவு நுணுக்கமான பொருத்தத்தை நான் மட்டும்தான் பார்க்கிறேனோ என்ற ஐயமும் எழுகிறது.

அந்த ஷாட்டில் அவர் கேட்டபடியே இரண்டையும் மூடினேன். அதன் பின் வந்த நெருக்கக் காட்சிகளில், மகரத்தை அடுத்து நிறுத்தம் இல்லாத இடங்களில் உதடு ஒட்டாத அரைத் திறப்பையே வைத்துவருகிறேன். லீட் அவற்றைத் திருத்தச் சொன்னதில்லை. அவர் ஏற்றுக்கொண்டாரா, அந்த வேகத்தில் அது அவர் கண்ணில் படவே இல்லையா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.