14 தடவை "விளங்குதா?"

தரம் 7 பிள்ளைகள் பின்னக் கூட்டலில் ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் இடறுவார்கள். கரும்பலகையில் நான் செய்து காட்டும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். பயிற்சியைக் கொடுத்துவிட்டுக் கொப்பிகளைப் பார்த்தால் 1/2 + 1/3 = 2/5 என்று இருக்கும். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டியிருப்பார்கள். கொழும்பில் தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றில் 9 வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். இந்தப் பிழைக்காக என் விளக்கத்தை எத்தனையோ தரம் மாற்றியிருக்கிறேன். பிழை விளக்கத்தில் இல்லை, அதற்கு அடுத்த 3 நிமிடத்தில் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவர் தமிழ் படிப்பிக்கும் ஒரு மூத்த ஆசிரியை. பிள்ளைகள் முன்னால் அவர் எனக்கு டீச்சர், ஓய்வறையில் அக்கா.

ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்போம் என்று முடிவெடுத்தபோது, மேற்பார்வைக்கு வருபவர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு படிவத்தைத்தான் நாங்களும் தயாரித்தோம். குரல், கரும்பலகைப் பயன்பாடு, மாணவர் பங்கேற்பு என்று 12 வரி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. அக்கா பாடவேளை முழுவதும் இருந்து பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் 4 போட்டு, அடியில் "மிக நன்று" என்று எழுதித் தந்தார். நான் அவர் வகுப்புக்குப் போய் அதையே செய்தேன். பக்கத்து மேசையில் இருந்து தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறவருக்கு யார் 2 போடுவார்கள்? அந்த இரண்டு தாளிலிருந்தும் அடுத்த நாள் பாடத்தில் மாற்றக்கூடிய ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

அக்காதான் வேறு வழி கேட்டார். "எனக்குக் கணக்குத் தெரியாது பிள்ளை. முழுப் பாடத்தையும் பார்த்து நான் என்ன சொல்லுறது? ஒரு இடத்தைச் சொல்லுங்க, அதை மட்டும் பார்க்கிறன்."

விளக்கம் முடிந்து பயிற்சி தொடங்குவதற்கு முந்திய இடத்தைச் சொன்னேன். பாடக்குறிப்பைத் திறக்கச் சொன்னார். அங்கே "மாணவர் விளங்கிக்கொண்டதை உறுதிப்படுத்தல், 3 நிமிடம்" என்று இருந்தது. "எப்படி உறுதிப்படுத்துவீங்க?" என்று கேட்டார். குறிப்பில் அது இல்லை. எந்த வருடக் குறிப்பிலும் இருந்ததில்லை. மற்றப் பகுதிகளுக்கெல்லாம் எந்தக் கணக்கு, எந்தப் படம் என்று எழுதியிருந்தேன். இந்த இடத்தில் மட்டும் நோக்கம் இருந்தது, செய்ய வேண்டியது இல்லை.

அந்த ஓர் இடத்துக்காக A4 தாளில் பாதியளவில் ஒரு படிவம் போட்டோம். மேலே ஒரே ஒரு கேள்வி: "விளங்கியதா என்று டீச்சர் எப்படித் தெரிந்துகொள்கிறார்?" கீழே நான்கு நிரல்கள். முதலாவதில் பாடவேளையின் எத்தனையாவது நிமிடம். இரண்டாவதில் நான் கேட்ட கேள்வி, நான் சொன்ன அதே சொற்களில். மூன்றாவதில் கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் இடையில் எவ்வளவு நேரம். நான்காவதில் பதில் சொன்னது யார். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், வரிசையும் இடமும் போதும் என்று முடிவெடுத்தோம். புள்ளியிடவும் கருத்து எழுதவும் இடமே வைக்கவில்லை. கருத்துக்கு இடமிருந்தால் கை தன்னால் "நன்று" என்று எழுதிவிடும்.

நேரத்தை எப்படி அளப்பது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. கைபேசியை வெளியில் எடுத்தால் பிள்ளைகளின் கண் அங்கேதான் போகும். கடைசியில் அக்கா மனதுக்குள் எண்ணிக்கொண்டு ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குற்று வைப்பது என்று வைத்துக்கொண்டோம். ஒரு குற்று ஏறக்குறைய ஒரு செக்கன். எங்களுக்கு அந்தத் திருத்தம் போதுமாக இருந்தது.

எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். முதல்தடவை அவர் பின்வரிசையில் இருந்தார். அங்கிருந்து தெரிவது பிள்ளைகளின் பிடரி மட்டும்தான். இம்முறை ஜன்னல் பக்கச் சுவரோரமாக, முன்னுக்கு ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டார். முகங்கள் தெரிந்தன. பிள்ளைகளுக்குப் பழகட்டும் என்று முதல்நாளே வந்து பத்து நிமிடம் அங்கே சும்மா இருந்துவிட்டுப் போனார். அவருக்கு ஓய்வுப் பாடவேளை இருக்கும் நாளைத்தான் எடுத்தோம், அதனால் யாரிடமும் பதில் கடமை கேட்க வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை 7A. 40 நிமிடப் பாடவேளையில் 12ஆம் நிமிடத்திலிருந்து 23ஆம் நிமிடம் வரை அவர் எழுதினார். 3 நிமிடம் என்று நான் நினைத்திருந்த பகுதி விளக்கத்தோடு கலந்து 11 நிமிடம் ஓடியிருந்தது.

அன்றே, பாடசாலை விட்டதும், ஒரு பிளேன்ரீயோடு ஓய்வறையில் இருந்தோம். தாளைக் காட்டுவதற்கு முன் அவர் கேட்டார்: "விளங்குதா எண்டு எத்தனை தரம் கேட்டிருப்பீங்க?" நாலோ ஐந்தோ என்றேன். பிறகு தாளை வாசித்தார். அந்த 11 நிமிடத்தில் நான் கேட்டவை 19 கேள்விகள். அவற்றில் 14 "விளங்குதா?" அல்லது "சரிதானே?" அதில் பெரும்பாலானவற்றுக்கு எதிரில் குற்றே இல்லை, சிலவற்றுக்கு ஒன்று. "யார்" என்ற நிரலில் "எல்லாரும் சேர்ந்து" என்று மேலிருந்து கீழ்வரை இருந்தது. மீதி 5 உண்மையான கேள்விகளில் நான்குக்கு முன்வரிசையில் இருக்கும் அதே இரண்டு பேர் பதில் சொல்லியிருந்தார்கள். ஐந்தாவதற்குப் பதில் சொன்னது நான்.

அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. வாசித்து முடித்ததும் தாளை என் கையில் தந்துவிட்டார். பிரதி எடுக்கவில்லை. பார்க்கப்பட்டவருக்கே தாள் சொந்தம் என்று முதலிலேயே பேசியிருந்தோம், அதனால்தான் என்னால் அதைக் கூச்சமில்லாமல் பார்க்க முடிந்தது.

"விளங்குதா?" என்றால் பிள்ளை என்ன சொல்லும்? "ஓம் மிஸ்" என்பது மரியாதையான பதில். இல்லை என்று சொல்ல 38 பேர் நடுவில் தைரியம் வேண்டும். அதைவிட, 2/5 சரியென்று நம்பும் பிள்ளைக்குத் தனக்கு விளங்கவில்லை என்பதே தெரியாது. அது பொய் சொல்லவில்லை, உண்மையாகவே விளங்கியது என்றுதான் நினைக்கிறது. இடைவெளியைப் பற்றி மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் பொறுக்கிறார்கள், 3 செக்கனுக்கு மேல் பொறுத்தால் பதில்கள் நீளுகின்றன, வழமையாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள் என்று அவர் கண்டார். பயிற்சிக் கலாசாலையில் படித்ததுதான். என் சொந்தக் குற்றுகளைப் பார்க்கும்வரை அது என்னைப் பற்றியது என்று தோன்றவில்லை.

வியாழக்கிழமை இதே பாடம் 7Bக்கு இருந்தது. அதற்குள் பாடக்குறிப்பில் அந்தப் பகுதியை மட்டும் மாற்றி எழுதினேன். விளக்கத்தைத் தொடவில்லை. "உறுதிப்படுத்தல்" என்ற வரியை வெட்டிவிட்டு இப்படி எழுதினேன்: "ஒருவர் 1/2 + 1/3 = 2/5 என்று செய்திருக்கிறார். சரியா, பிழையா? ஏன்? பேசாமல் துண்டுத் தாளில் எழுதுங்கள்." அதற்குக் கீழே, "சரி என்று எழுதியவர்களும் ஒன்றும் எழுதாதவர்களும் சேர்த்து 10 பேருக்கு மேல் என்றால் பயிற்சிக்குப் போகாமல் கடதாசிப் பட்டி." பிள்ளைகள் வழமையாகச் செய்யும் பிழையையே கேள்வியாக வைத்ததுதான் இதில் முக்கியம். வேறு ஒரு கணக்கைக் கொடுத்திருந்தால் முறையைப் பார்த்து எழுதிவிடுவார்கள், உள்ளே இருக்கும் நம்பிக்கை வெளியே வராது.

அக்கா அதே படிவத்தோடு வந்து அதே பக்கத்தில் இருந்தார். 36 துண்டுகள் சேர்ந்தன. மேசையில் மூன்றாகப் பிரித்தேன். பிழை என்று 17 பேர், சரி என்று 14 பேர், வெறுந்தாள் 5. சற்றுமுன் எல்லோரும் தலையாட்டிய வகுப்பு அது.

ஏன் பிழை என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அது லேசாக இருக்கவில்லை. தாளில் 6 குற்று இருக்கிறது. பிறகு நாலாம் வரிசை, ஜன்னலோரத்துப் பையன் எழும்பினான். "மிஸ், அஞ்சில பாதி ரெண்டரை. ரெண்டு அதுக்குக் குறைய. அப்ப 2/5 அரையை விடச் சின்னன். அரையோட இன்னொண்டைக் கூட்டினா எப்படி மிஸ் குறையும்?" அந்தத் தவணையில் அவன் தானாக எழும்பிப் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

10க்கு மேல் என்பதால் கடதாசிப் பட்டியை எடுத்தோம். நீளமான பட்டியை ஆறு சம பங்காக மடித்து, அரைக்கு 3 பங்கும் மூன்றில் ஒன்றுக்கு 2 பங்கும் நிறம் தீட்டினார்கள். நிறம் விழுந்தது 5 பங்கில், மொத்தம் 6. சமவலுப் பின்னம் ஏன் தேவை என்று அதற்குப் பிறகு சொல்வது எளிதாக இருந்தது. இதற்கெல்லாம் 10 நிமிடத்துக்குமேல் போனது. அதனால் பயிற்சியில் 6 கணக்கை 4 ஆகக் குறைத்தேன்.

கொப்பி திருத்தியபோது, மேலோடு மேல் கூட்டிய பிழை 7Aயில் 38 பேரில் 15 பேரிடம் இருந்தது, 7Bயில் 36 பேரில் 6 பேரிடம். இதை முழுக்கக் கேள்வியின் பலன் என்று நான் சொல்ல மாட்டேன். 7Bக்கு எடுத்தபோது அந்த வாரத்தில் அதே பாடத்தை நான் எடுப்பது இரண்டாந்தடவை, கடதாசிப் பட்டி 7Aக்குக் கிடைக்கவில்லை, வகுப்புகளும் வேறு. ஆனால் 14 பேருக்கு விளங்கவில்லை என்பது 7Bயில் பாடவேளைக்குள்ளேயே தெரிந்தது, 7Aயில் அது இரவு வீட்டில் கொப்பி திருத்தும்போதுதான் தெரிந்தது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் அந்தக் கேள்விதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்த நாள் 7Aக்கும் துண்டுத் தாளைக் கொடுத்துப் பட்டி மடித்தோம்.

அக்காவின் வகுப்பை நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்ப்பதிலும் பிழை விடலாம். அவர் கேட்டது, பாட அறிமுகம் குறித்த 5 நிமிடத்தில் முடிகிறதா, அதற்குள் என்னென்ன நடக்கிறது என்பது மட்டும். நான் ஓரத்தில் "குரல் அருமை" என்று எழுதியிருந்தேன். "எத்தனையாம் நிமிஷம் பிள்ளை?" என்று கேட்டார், பதில் இல்லை. இன்னொன்று, பக்கத்தில் இருந்த பிள்ளை புத்தகத்தில் பந்தியைத் தேடித் தடுமாறியபோது விரலால் காட்டிவிட்டேன். அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்திருக்குமா என்பது அதனால் அவருக்குத் தெரியாமல் போனது. இப்போது படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் "உதவ வேண்டாம்" என்று ஒரு வரி இருக்கிறது. அறிமுகம் எடுத்தது 13 நிமிடம். அதில் பெரும்பகுதி முதல்நாள் பாடத்தை மறுபடி சொன்னதில் போயிருந்தது, அதை அவர் இரண்டு கேள்விகளாகச் சுருக்கிவிட்டார்.

அடுத்து எனக்குத் திசைகொண்ட எண்கள் வருகிறது. குறிப்பில் அந்த இடத்துக்கு இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்: "(−3) + 5 = −8 என்று ஒருவர் செய்திருக்கிறார். சரியா, பிழையா? ஏன்?" திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளை அக்காவுக்கு ஓய்வு, கதிரையை ஜன்னலோரம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.