'நோட்டட்' என்று வந்ததை 'சரி' என்று படித்தேன், 850 ரூபாய் போச்சு

கோபி பக்கம் எங்கள் ஊர். படிப்பது கோவையில், இரண்டாம் ஆண்டு. ஜூலை 31-க்குள் செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டும், ஆனால் அப்பா மஞ்சள் மூட்டையைக் குடோனில் போட்டு வைத்துவிட்டு "இன்னும் பத்து நாள் பொறு அம்மிணி, விலை ஏறட்டும்" என்றார். சரி என்று 28-ஆம் தேதியே ஆபீசில் அவகாசம் கேட்டு லெட்டர் கொடுத்துவிட்டேன். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன்.

ஆகஸ்ட் 3-ஆம் தேதி செல்லுக்கு மெசேஜ் வந்தது. ஆங்கிலத்தில் மூன்றே வரி. உங்கள் விண்ணப்பம் 'நோட்டட்'. கட்டணம் செலுத்தும் கடைசி நாள் 14-ஆம் தேதி வரை 'வித் ஃபைன்' நீட்டிக்கப்படுகிறது. அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ கட்டத் தவறுகிறவர்களின் பெயர், மறு அறிவிப்பின்றி நீக்கப்படுவதற்கு 'லையபிள்'.

நான் படித்தது வேறு. நோட்டட் என்றால் ஒத்துக்கொண்டார்கள், நீட்டிப்பு என்றால் 14 வரைக்கும் கவலை இல்லை. 'வித் ஃபைன்' என்பது 14-க்கு அப்புறம் கட்டுகிறவர்களுக்கு என்று நானே நினைத்துக்கொண்டேன். உண்மையில் நோட்டட் என்றால் லெட்டர் வந்தது, பார்த்தோம், அவ்வளவுதான். ஒத்துக்கொண்டிருந்தால் 'பெர்மிட்டட்' என்றோ 'கிரான்டட்' என்றோ இருக்கும். அப்புறம் வித் ஃபைன் நீட்டிப்பில் பழைய கடைசி நாள் பழையபடியே இருக்கிறது. ஆகஸ்ட் 1-இலிருந்தே நாளுக்கு 50 ரூபாய் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. அபராதம் இல்லாத அவகாசம் என்றால் 'வித்தவுட் ஃபைன்' என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள்.

ஆன்லைனில் கட்டும் பக்கத்தை 31-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள், ஃபைனோடு கட்டுவதென்றால் ஆபீசில் சலான் வாங்கி பேங்க் கிளையில்தான் கட்ட வேண்டும். அப்பா மஞ்சளை விற்று 13-ஆம் தேதி ராத்திரி பணத்தைக் கையில் கொடுத்தார். காலையில் முதல் பஸ் பிடித்து வந்தால் பேங்க் பூட்டிக் கிடக்கிறது. 14-ஆம் தேதி இரண்டாம் சனிக்கிழமை என்பது எனக்கும் தோன்றவில்லை, அந்தத் தேதியைப் போட்டவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் ஞாயிறு, சுதந்திர தினம் வேறு.

திங்கட்கிழமை போனேன். கிளார்க் சலான் கொடுக்க மாட்டேன் என்றார். "ஆன் ஆர் பிஃபோர்னு போட்டிருக்குதுங்களே, அடுத்த வேலை நாள்னு எங்க இருக்குது?" அது என்னவோ உண்மைதான், அப்படி ஒரு வார்த்தை மெசேஜில் இல்லை. உடனே உட்கார்ந்து இரண்டு நாள் எக்ஸ்டென்ஷன் கேட்டு எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "முடிஞ்சு போன தேதிய எப்படிம்மா நீட்டறது?" என்றவர், அப்படியானால் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லவே இல்லை.

சொன்னது வாசலில் இருந்த அட்டெண்டர் அண்ணன். "கண்டோனேஷன்னு எழுது கண்ணு." அட்டெண்டன்ஸ் குறைந்தால் கட்டுவோமே, அதே கண்டோனேஷன். தேதிக்கு முன்னால் கேட்பது எக்ஸ்டென்ஷன். தேதி போன பிறகு கேட்க வேண்டியது, ஆன தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. 'லையபிள்' என்றால் பெயரை நீக்கலாம் என்றுதான் அர்த்தம், நீக்கியாயிற்று என்றில்லை, பிரின்சிபல் பட்டியலில் கையெழுத்துப் போடும் வரை நேரம் இருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். இது தெரியாமல் காலையிலிருந்து அழாத குறையாக நின்றிருந்தேன்.

எந்தத் தேதியில் பணம் கையில் இருந்தது, 14 அன்று பேங்க் ஏன் இல்லை என்பதை இரண்டு வரியில் எழுதி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிப் போனேன். அதிலும் ஒரு வினை. அவர் வெறுமனே 'ஃபார்வேர்டட்' என்று போட்டிருந்தார். "அனுப்பி வெச்சிருக்கார், சிபாரிசு பண்ணலியே" என்று கிளார்க் இழுத்தார். திரும்ப ஓடி, பக்கத்திலேயே 'ரெக்கமெண்டட்' என்று சேர்த்து வாங்கி வருவதற்குள் கவுண்டர் மூடிவிட்டது. 17-ஆம் தேதிதான் பிரின்சிபல் 'பெர்மிட்டட்' என்று போட்டார். பதினேழு நாள் கணக்கில் 850 ரூபாய் ஃபைனோடு சலான் கைக்கு வந்தது. கையோடு கட்டிவிட்டு, முத்திரை விழுந்த பாதியைப் போட்டோவும் எடுத்து வைத்தேன்.

ராத்திரி அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதுலயும் அந்த நோட்டட் கீட்டட் ஏதாவது இருக்குதா அம்மிணி?"

இல்லை. 'பெய்டு' என்று இருந்தது.