"ஓகே சார்" என்ற பதிலை நம்பி வேலையைத் தொடங்க விடாதீர்கள்

ஒரு பயிற்சி வீடியோவில் அனிமேஷன் வேலையை மட்டும் வெளியே கொடுத்தோம். 12 துண்டுகள், எல்லாமே நாங்கள் எடுத்த காட்சிகளின் மேல் வந்து உட்கார வேண்டியவை. ஆள் தேடியது, விலை பேசியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. ஸ்கோப், ஸ்பெக், பட்ஜெட், தேதி நான்கையும் ஒரே மெயிலில் போட்டு அனுப்பினேன். ஸ்பெக்கில் 1920×1080, விநாடிக்கு 25 ஃப்ரேம், பின்னணி இல்லாமலே சேமிக்கக்கூடிய ProRes 4444 கோடெக் என்று தெளிவாகவே இருந்தது. பதில்: "ஓகே சார், ஸ்டார்ட் பண்ணிட்டோம்."

கடைசி நாளன்று வந்தவை H.264 MP4 ஃபைல்கள், கறுப்புப் பின்னணியோடு, அதுவும் 30 ஃப்ரேமில். தனியாக ஓட்டிப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும், ஆபத்தே அங்கேதான். டைம்லைனில் போட்டதும் கீழே இருந்த காட்சி மொத்தமாக மறைந்துவிட்டது. சரி, கறுப்பை மட்டும் நீக்கிவிடலாம் என்று பார்த்தால் எழுத்தின் நிழலும் சேர்ந்தே போகிறது. 30-ஐ 25 ஆக்கினாலோ ஆறு ஃப்ரேமுக்கு ஒன்று காணாமல் போய், சீராக நகர வேண்டிய அம்புக்குறி தத்தித் தத்தி நகர்கிறது.

விசாரித்தால், மெயிலைப் படித்தவர் ஒருவர், வேலை செய்தவர் வேறொருவர்! அவர் கைக்குப் போனது ஸ்டோரிபோர்டு மட்டும்தான். போதாக்குறைக்கு, "திரும்ப ரெண்டர் பண்ண எக்ஸ்ட்ரா ஆகும்" என்றார்கள். அப்போது காப்பாற்றியவை மெயிலில் இருந்த இரண்டு வரிகள்: ஸ்பெக்குக்குப் பொருந்தாத ஃபைலைச் சரிசெய்வதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, அதைத் திருத்தச் சுற்றாகவும் கணக்கிடக் கூடாது என்பது ஒன்று. கடைசி 40% பணம் ஃபைல் வந்ததும் அல்ல, நாங்கள் சரிபார்த்து ஏற்ற பிறகுதான் என்பது இன்னொன்று. அந்த இரண்டையும் அப்படியே எடுத்துப் போட்டுப் பதில் அனுப்பினேன், எக்ஸ்ட்ரா பேச்சு அதோடு நின்றது. "டெலிவரி முடிந்ததும் மீதிப் பணம்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் கறுப்புப் பின்னணிக்கும் காசு கொடுத்திருப்போம்.

தேதி விஷயத்தில் தப்பித்தது, வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதியை அவர்களிடம் சொல்லாததால்தான். நான்கு நாள் முன்னதாகவே கேட்டிருந்தேன், அந்த நான்கு நாளும் மறு ரெண்டருக்கே போய்விட்டது.

அடுத்த தொகுதிக்கு மெயிலில் ஒரு வரி கூட்டினேன்: வேலை செய்யப்போகும் ஆளே, முதல் துண்டைத் தொடங்கும் முன், இதே ஸ்பெக்கில் இரண்டு விநாடி சோதனை ஃபைல் ஒன்றை அனுப்ப வேண்டும், அது சரியென்றால்தான் அட்வான்ஸ். உள்ளே என்ன படம் இருந்தாலும் பரவாயில்லை, ஒரு வட்டம் நகர்ந்தால் போதும். வந்த ஃபைலில் பின்னணி சரி, கோடெக் சரி, ஃப்ரேம் மட்டும் மறுபடியும் 30! உடனே திருப்பி அனுப்பினேன், அன்று மாலையே 25-இல் வந்தது.