மழையின் சடசடவும் கறிவேப்பிலையின் சடசடவும்

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் ஒலிக்குறிப்புச் சொற்களைத் தனி நோட்டு ஒன்றில் எழுதத் தொடங்கினேன். மழைப் பக்கம் ஒரே மாலையில் நிறைந்துவிட்டது. ஆனால் மறுநாள் படித்துப் பார்த்தபோது, அதில் பாதி ஒலியே இல்லை என்பது தெரிந்தது. 'நசநச' என்பது ஈரத்தின் உணர்வு. 'பிசுபிசு' தோலில் ஒட்டுவது. அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் 'என்று கேட்டது' என்பதோடு சேர்த்துச் சொல்லிப் பார்க்கிறேன். 'சடசடவென்று கேட்டது' பொருந்துகிறது. 'நசநசவென்று கேட்டது' பொருந்தவில்லை.

அடுத்த தடுமாற்றம் 'சொட்டுச் சொட்டாக' என்பதில் வந்தது. 'இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்பது தொல்காப்பிய நூற்பா. பிரித்தால் 'சொட்டு' தனியே நின்று பொருள் தருவதால் அது அடுக்குத்தொடர்தான். 'சளசள'வைப் பிரித்தால் 'சள' பொருள் தருவதில்லை. 'சோ' என்று பெய்யும் மழையோ இரட்டிப்பதே இல்லை என்பதால், அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கினேன்.

சமையலறையில் தாளிப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். எண்ணெய் காய்ந்து கடுகு விழுந்ததும் முதலில் ஒன்றிரண்டு 'பட்', பிறகு மூடியில் மோதும் 'படபட', அது தணிகிற நேரத்தில் ஈரம் காயாத கறிவேப்பிலையைப் போட்டால் 'சடசட'. தகரக் கூரையில் மழைக்கு எழுதிய அதே சொல் இங்கே வந்தது எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. கூரையில் நீர் மோதுகிறது. வாணலியில் இலையின் நீர் சூடான எண்ணெயில் பட்டு ஆவியாகி வெடிக்கிறது. காரணம் வேறானாலும், விட்டுவிட்டு வரும் கூர்மையான ஒலி இரண்டிலும் உண்டு. இலையைத் துணியில் நன்றாகத் துடைத்துப் போட்ட நாளில் அந்த ஒலி வெகுவாகக் குறைந்துவிட்டது. தாளிப்பை ரசத்தில் கொட்டும்போது எழுவதற்கு என் அம்மா சொல்லும் 'சொய்ங்' என்பதையே எழுதிக்கொண்டேன்.

சந்தைதான் கடினம், ஏனெனில் அங்கே ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. விடியற்காலையில் போனபோது, சிமெண்டுத் தரையில் சாக்கு இழுபடும் 'சரசர', தள்ளுவண்டியின் 'கடகட' ஆகியவை தனித்தனியே கேட்டன. கூட்டம் சேர்ந்தபின் எல்லாம் கலந்து 'கசகச' ஆயிற்று. இந்தச் சொல் வியர்வைக்கும் வரும் என்பதால், சொல்லை மட்டும் எழுதாமல் அது வந்த வாக்கியத்தையும் முழுதாக எழுதுகிறேன்.

கடலை வறுப்பவர் இரும்புச் சட்டியில் கரண்டியால் தட்டும் ஒலியை நான் 'டங் டங்' என்று எழுதியிருந்தேன். அவரிடம் கேட்டதற்கு, "அது ணங்கு ணங்குன்னுல்ல கேக்குது தம்பி" என்றார். டகரமும் ணகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா என்பது இலக்கண விதி. ஒலிக்குறிப்பு அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. அகரவரிசையில் இரண்டுக்கும் இடம் திறந்து, இரண்டையும் சேர்த்திருக்கிறேன்.