படம் நிஜம், அணைதான் வேறு

மழைக்காலத்தில் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் செய்தி சேகரிக்கும் எனக்கு வருகிற போன்களில் பாதி முல்லைப்பெரியாறு அணையைப் பற்றியதாகவே இருக்கும். அந்த ஆடி மாத இரவிலும் எஸ்டேட்டில் வேலை செய்து, அங்குள்ள வரிசை வீடுகளான லயத்தில் குடியிருக்கும் ஒரு அக்கா கூப்பிட்டார். “தம்பி, ஷட்டரத் தொறந்துட்டாங்களாமே? லயத்துல எல்லாரும் துணிமணிய எடுத்து வைக்கிறாங்க. போட்டோவே வந்திருக்கு.” 2021 டிசம்பரில் நள்ளிரவில் தண்ணீர் திறக்கப்பட்டு ஆற்றோர வீடுகளுக்குள் புகுந்ததைக் கண்ட ஊர் இது. அவர் பயந்ததில் தவறே இல்லை.

அவர் அனுப்பிய படத்தில் உயரமான சுவர் ஒன்றிலிருந்து வெள்ளை வெளேரென்று நீர் கொட்டியது. மேலே சிவப்பு எழுத்தில் “முல்லைப்பெரியாறு திறப்பு” என்று போட்டிருந்தது. அலுவலகத்தில் ஒரு தம்பி உடனே அதை எடிட்டிங் கண்டுபிடிக்கும் தளம் ஒன்றில் ஏற்றினான். “அண்ணே, தண்ணி விளிம்பெல்லாம் பளிச்சுனு மின்னுது, ஒட்டு வேலைதான்” என்றான். அப்படிச் சொல்லிவிட முடியாது. வாட்ஸ்அப் ஒவ்வொரு படத்தையும் சுருக்கித்தான் அனுப்புகிறது. பல கை மாறிப் பலமுறை சுருங்கிய படத்தில், வெள்ளை நுரையும் கரும்பாறையும் சந்திக்கிற எந்த விளிம்பும் அந்தச் சோதனையில் மின்னத்தான் செய்யும். எடுத்த நாள், கேமரா போன்ற விவரங்களையும் வாட்ஸ்அப் கழற்றிவிடுவதால் கோப்பைத் திறந்து பார்த்தும் பயனில்லை. என் அனுபவத்தில் இந்த வகைப் படங்களை யாரும் மெனக்கெட்டு வெட்டி ஒட்டுவதில்லை. வேறு இடத்து நிஜப் படத்துக்குப் புதுப் பெயர் வைத்தாலே அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. அதனால் எடிட்டிங் கேள்வியை ஒதுக்கிவிட்டு, எந்த இடம், எப்போது என்று தேடினோம்.

கூகுள் லென்ஸில் முழுப் படத்தையும் போட்டபோது, சிவப்பு எழுத்தைப் பிடித்துக்கொண்டு முல்லைப்பெரியாறு செய்திகளாகவே காட்டியது. எழுத்தை வெட்டிவிட்டு நீரும் சுவரும் மட்டும் இருக்கும் பகுதியைப் போட்டதும் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணைப் படங்கள் வரிசையாக வந்தன. அதே துண்டை, ஒரு படம் இணையத்தில் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று தேடும் TinEye தளத்தில் போட்டு, மிகப் பழையது முதலில் வரும்படி அடுக்கினோம். 2018 ஆகஸ்ட் என்று காட்டியது. அந்தத் தேதி படம் எடுத்த நாள் அல்ல, அந்தத் தளம் படத்தை முதன்முதலில் கண்ட நாள். படம் அதைவிடப் பழையதாக இருக்கலாம், புதியதாக இருக்க முடியாது. நேற்றைய படம் இல்லை என்று சொல்ல அதுவே போதும். தேடி ஒன்றும் கிடைக்காமல் போனால் மட்டும் படம் புதியது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. யாரும் இணையத்தில் ஏற்றாத பழைய படமாகவும் இருக்கலாமே.

இடத்தையும் கண்ணால் உறுதி செய்தோம். இடுக்கியின் வளைவு அணைக்கு ஷட்டர் கிடையாது. அந்த நீர்த்தேக்கம் நிரம்பினால் பக்கத்தில் இருக்கும் செறுதோணியின் 5 ஷட்டர்கள் வழியாகத்தான் நீர் வெளியேறும். 2018 வெள்ளத்தில் அவை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டபோது எடுத்த படங்கள் அப்போதே நாடெங்கும் பரவின. முல்லைப்பெரியாறின் அமைப்பே வேறு. 13 ஷட்டர்களும் பிரதான அணையிலிருந்து விலகி, ஓரமாக வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 16 அடி உயரம். சுவரின் உச்சியிலிருந்து செங்குத்தாக அத்தனை ஆழத்துக்கு நீர் விழும் காட்சி அங்கே கிடையாது.

இவ்வளவுக்கும் மேலாக அந்த இரவில் கை கொடுத்தது ஒரே ஒரு எண். முல்லைப்பெரியாறில் ஷட்டர்களின் அடிமட்டம் 136 அடி. நீர்மட்டம் அதற்குக் கீழே இருந்தால் எல்லா ஷட்டரையும் தூக்கினாலும் அந்த வழியாகச் சொட்டுத் தண்ணீர் வராது. அன்றைய நீர்மட்டம் 131 அடி என்று அணைப் பகுதியில் கேட்டுத் தெரிந்துகொண்டு அக்காவிடம் சொன்னேன். “அப்போ இன்னும் அஞ்சடி ஏறணும்” என்று அவரே கணக்குப் போட்டு, லயத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

செய்தியில் “போலிப் படம்” என்று எழுத வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். அப்படி எழுதினால் 2018இல் அந்தப் படத்தைப் பார்த்த யாராவது ‘இது நிஜப் படம்தானே’ என்று கிளம்புவார்கள், நம் மறுப்பும் அதோடு அடிபடும். “படம் நிஜமானது, இடம் செறுதோணி, 2018இலேயே வெளியானது, முல்லைப்பெரியாறு நீர்மட்டம் இப்போது 131 அடி” என்றே வெளியிட்டோம்.

மழை வலுத்த பிறகு அதே படம் மறுபடி வந்தது. அப்போது நீர்மட்டம் 137 அடி. 136 அடிக் கணக்கு இந்த முறை உதவாது. ஷட்டரை உண்மையிலேயே திறந்திருக்கலாம். படம் பழையது என்பதை மட்டும் அக்காவிடம் சொல்லி, தண்ணீர் வருகிறதா என்பதை அணையில் கேட்டுவிட்டு அழைப்பதாகச் சொன்னேன். பழைய படத்தோடு உண்மைச் செய்தியும் வரலாம் என்பதால், அந்த போன் கிடைக்கும்வரை லயத்தில் யாரையும் தூங்கச் சொல்லவில்லை.